காது இரைச்சலுக்கு மாத்திரை: நான்கு மாதம் சாப்பிட்டேன், குறைந்தது. மாத்திரையால்தானா?

தறிக்காரன் – ஜூன் 9, இரவு 10.15

வயது 47. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி. இருபத்தைந்து வருடமாகத் தறிச்சத்தத்திலேயே நிற்கிறேன். போன வருடம் தீபாவளிக்கு அப்புறம் இரண்டு காதிலும் "ஙொய்ய்" என்று ஒரு சத்தம். பகலில் தறி ஓடும்போது தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் மண்டைக்குள் சில்வண்டு. காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம் எடுத்தேன். 4000 ஹெர்ட்ஸில் இரண்டு பக்கமும் பள்ளம், அதாவது அந்த உயர் அலைவரிசையில் கேட்பது குறைவு. நரம்பு தேய்மானம், பழகிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பிப்ரவரி 3ஆம் தேதி ஆன்லைனில் ஒரு மாத்திரை வாங்கினேன். புட்டி 1,450 ரூபாய். ஜிங்கோ என்கிற மர இலையின் சாறு, துத்தநாகம், மக்னீசியம், பி விட்டமின்கள். இன்றோடு நாலு புட்டி முடிந்தது. அன்றைக்குச் சத்தத்துக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டிருந்தேன், இப்போது ஐந்து. வேலை செய்கிறது என்பதே என் முடிவு. இங்கே எல்லோரும் "சப்ளிமெண்ட் எல்லாம் ஏமாற்று" என்று எழுதுகிறீர்கள், அதனால்தான் இதைப் போடுகிறேன். ஐந்தாவது புட்டி வாங்கலாமா?

மூலிகைநேசன் – ஜூன் 9, இரவு 10.50

தாராளமாக வாங்குங்கள். ஜிங்கோ மூளைக்கும் காதுக்கும் ரத்த ஓட்டத்தைக் கூட்டும். உடம்பிலேயே துத்தநாகம் அதிகம் இருக்கிற இடங்களில் உள்காதும் ஒன்று. அது குறைந்தால் காது இரையும். நான் முப்பது வருடம் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன், டாக்டர்களே எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதோடு காபியை அடியோடு நிறுத்துங்கள். காபி நரம்பைத் தூண்டும், இரைச்சலைக் கூட்டும்.

கவிதா_ஆடியோ – ஜூன் 10, காலை 7.20

கோவையில் ஆடியாலஜிஸ்ட், 14 வருடம். தறிக்காரன், ஐந்தாவது புட்டிக்கு முன்னால் நாலு கேள்வி.

ஜனவரியில் வேலை எப்படி இருந்தது? சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறீர்களா, எது? அசைவம் சாப்பிடுவீர்களா? பீடி, சிகரெட், மது?

ரத்தம் இளக்குகிற மாத்திரை, அதாவது ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ, எடுத்தால் ஜிங்கோவை இன்றே நிறுத்திவிட்டு உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தக் கசிவு ஆபத்து கூடலாம். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

தறிக்காரன் – ஜூன் 10, மதியம் 1.30

ரத்தம் இளக்குகிறது எதுவும் இல்லை. சர்க்கரை ஆறு வருடமாக, மெட்ஃபார்மின் காலை ஒன்று ராத்திரி ஒன்று. வீட்டில் சுத்த சைவம். சிகரெட் நாளைக்கு எட்டு, பத்து. மது சனிக்கிழமை மட்டும்.

ஜனவரியில் தறி ஓட்டுகிற இரண்டு பேர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. நானே இரண்டு ஷிப்ட் நின்றேன். பிப்ரவரி பத்தாம் தேதிக்கு மேல்தான் ஆள் கிடைத்தது. இதற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

கவிதா_ஆடியோ – ஜூன் 10, இரவு 9.05

அதில்தான் எல்லாச் சம்பந்தமும் இருக்கிறது. இரண்டு ஷிப்ட் சத்தமும் தூக்கமின்மையும் சேர்ந்து உச்சத்தில் இருந்த வாரத்தில் மாத்திரை வாங்கினீர்கள். யாரும் இரைச்சல் மூன்றாக இருக்கும் வாரத்தில் வாங்குவதில்லை, தாங்க முடியாமல் போகும்போதுதான் வாங்குவார்கள். உச்சத்தில் இருக்கிறது தானாகவும் கொஞ்சம் இறங்கும். உங்களுக்கு ஒரு வாரத்திலேயே ஷிப்டும் குறைந்தது. அதற்கு மேல், புதிதாக வந்த இரைச்சலுக்கு முதல் வருடத்தில் மூளை மெல்ல மெல்லப் பழகும். இந்த மூன்றும் மாத்திரை இல்லாமலேயே எட்டை ஐந்தாக்கியிருக்க முடியும். மாத்திரையும் ஆக்கியிருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் இரண்டு எண்களை வைத்து எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜிங்கோவுக்கு இதைப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இரைச்சல் உள்ள 1,121 பேர், தபாலிலும் போனிலுமே நடத்தினார்கள். பாதிப் பேருக்கு 50 மில்லிகிராம் ஜிங்கோ நாளைக்கு மூன்று வேளை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, 12 வாரம். கடைசியில் கணக்கில் எடுத்தது ஒவ்வொரு பக்கமும் 360 பேர். தொந்தரவு குறைந்தது என்றவர்கள் ஜிங்கோ பக்கம் 34, வெற்று மாத்திரைப் பக்கம் 35.

அந்த 35 பேரையும் யோசியுங்கள். அவர்களும் உங்களைப் போலவே "எனக்கு வேலை செய்தது" என்று மனதார எழுதியிருப்பார்கள்.

மூலிகைநேசன் – ஜூன் 10, இரவு 9.40

ஒரு ஆய்வை வைத்து மூலிகையையே தள்ளிவிட முடியுமா? ஜிங்கோவில் ஐரோப்பியச் சாறு வேறு, மற்ற சாறு வேறு. துத்தநாகத்தைப் பற்றி ஏன் பேசவில்லை?

கவிதா_ஆடியோ – ஜூன் 11, காலை 6.50

சாறு வேறுபடும் என்பது நியாயமான எதிர்வாதம்தான். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் குழு 2022இல் வேறு வேறு சாறுகளில் நடந்த 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் பயன் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. ஆய்வுகளின் தரமும் பெரும்பாலும் மோசம், அதனால் "நிச்சயமாகப் பயனில்லை" என்றும் அடித்துச் சொல்லவில்லை.

துத்தநாகம்: உள்காதில் அது நிறைய இருக்கிறது என்பது உண்மை. இருக்கிறது என்பதால், மேலும் விழுங்கினால் இரைச்சல் குறையும் என்று ஆகாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளைக்கு 50 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் முன்னேற்றம் கண்டவர்கள் 5 சதவீதம், வெற்று மாத்திரையில் 2 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது. 50 மில்லிகிராமை மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பில் செம்புச் சத்து குறையும், அது தனித் தொல்லை.

காபி பற்றி அப்புறம் எழுதுகிறேன், ஓபி ஆரம்பிக்கப் போகிறது.

ராஜி – ஜூன் 11, காலை 11.10

காபி என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு மெனியர் வியாதி. தலைசுற்றல், காது அடைப்பு, ஒரு பக்க இரைச்சல். உப்பு, காபி இரண்டையும் குறை என்றார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் விட்டு மூன்று வருடம். உப்பு கூடின மறுநாள் காது கனத்துப் போவது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தறிக்காரன் அண்ணா, நீங்களும் உப்பைக் குறைத்துப் பாருங்கள்.

தறிக்காரன் – ஜூன் 11, இரவு 10.00

ராஜி, எனக்குத் தலைசுற்றலும் இல்லை, அடைப்பும் இல்லை. உங்களுடையது வேறு வியாதி என்று நினைக்கிறேன். மேடம் சொல்லட்டும்.

ஷிப்ட் விஷயம் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருக்கிறது. வங்கிக் கணக்கைப் பார்த்துத் தேதியைச் சரிபார்த்தேன். மாத்திரை வந்து சேர்ந்தது பிப்ரவரி 6. புது ஆள் வேலைக்கு வந்தது 11. ஐந்து நாள் இடைவெளி. நாலு மாதமாக நான் இதை யோசிக்கவே இல்லை.

அந்த மாத்திரை விற்கிற பக்கத்தை மறுபடி படித்தேன். "ராணுவ வீரர்களிடம் நிரூபிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது எந்த ஆய்வு?

கவிதா_ஆடியோ – ஜூன் 12, இரவு 8.30

மக்னீசியம் ஆய்வாக இருக்கும். இஸ்ரேல் ராணுவத்தில் 300 புது வீரர்கள், 1994இல் வந்தது. துப்பாக்கிப் பயிற்சி நடந்த இரண்டு மாதம் தினமும் 167 மில்லிகிராம் மக்னீசியம் கொடுத்தார்கள். வெற்றுப் பானம் குடித்தவர்களைவிட மக்னீசியம் குடித்தவர்களுக்குக் கேட்கும் திறன் பாதிப்பு குறைவாக இருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அது நல்ல காதை வெடிச்சத்தத்திலிருந்து காக்கிறதா என்று பார்த்தது. ஏற்கெனவே இரைகிற காதை ஆற்றுகிறதா என்று பார்க்கவே இல்லை. உங்கள் புட்டியில் மக்னீசியம் எவ்வளவு?

தறிக்காரன் – ஜூன் 12, இரவு 8.55

50 மில்லிகிராம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பின்பக்கம் பொடி எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று போட்டிருக்கிறது. நாலு புட்டி கையில் எடுத்திருக்கிறேன், இன்றைக்குத்தான் இதைப் படிக்கிறேன்.

கவிதா_ஆடியோ – ஜூன் 12, இரவு 9.20

அந்த வரி உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிப்படி எல்லா ஹெல்த் சப்ளிமெண்ட் லேபிளிலும் இருக்க வேண்டும். அதாவது அது உணவுக் கணக்கில் விற்கப்படுகிற பொருள். மருந்தைப் போல, நோயைக் குறைக்கிறது என்று நிரூபித்துவிட்டு அனுமதி வாங்க வேண்டியதில்லை. 1954ஆம் வருடத்து மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில், குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் காது கேளாமையும் உண்டு. அதனால் "செவி ஆரோக்கியத்துக்குத் துணை" என்று வழுக்கலாக எழுதுவார்கள். துணை என்றால் என்ன, எவ்வளவு என்று யாரும் அளந்து காட்ட வேண்டியதில்லை.

ராஜிக்கு: உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரியும், உப்பைக் குறைத்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மெனியருக்கு உப்பு, காபி, மது குறைப்பது உதவுமா என்று காக்ரேன் குழு 2018இல் தேடியபோது தகுதியான ஒரு சோதனைகூடக் கிடைக்கவில்லை. பல வருடப் பழக்கத்தால் சொல்கிறோம். தறிக்காரனுக்கு உப்பைக் குறைப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லது. இரைச்சலுக்கு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

காபி: பிரிஸ்டலில் 66 பேரிடம், யாருக்கு எப்போது காஃபின் நின்றது என்று தெரியாதபடி செய்து பார்த்தார்கள். நிறுத்தியதால் இரைச்சல் குறையவில்லை. தலைவலி, குமட்டல் வந்ததுதான் மிச்சம். காபியை விட்ட முதல் வாரம் தலைவலியோடு படுத்தால் இரைச்சல் பெரிதாகத்தான் கேட்கும்.

மூலிகைநேசன் – ஜூன் 13, மதியம் 3.15

காபி விஷயத்தில் நான் சொன்னது தவறு என்று ஏற்கிறேன், படித்துப் பார்த்தேன். ஜிங்கோவில் ஏற்கவில்லை. சராசரிக் கணக்கில் ஒரு தனி மனிதனுக்கு நடந்தது மறைந்துபோகும். தறிக்காரனுக்கு வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

கவிதா_ஆடியோ – ஜூன் 13, இரவு 9.00

சொல்லவில்லை. அவரிடமே சோதித்துப் பார்க்கலாம்.

தறிக்காரன், காலி ஜெலட்டின் உறை மருந்துக்கடையில் சொன்னால் வாங்கித் தருவார்கள். உள்ளே தெரியாத நிறமாக வாங்குங்கள். உங்கள் மாத்திரை அதற்குள் அடங்கினால் அதைப் போட்டும், இன்னொரு பங்கில் அரிசி மாவு நிரப்பியும், வீட்டில் உங்கள் மனைவியை இரண்டு டப்பாவாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஒரு டப்பா, நாலு சுற்று. எந்தச் சுற்றில் எது என்று அவர் காசு சுண்டி முடிவு செய்து தனி நோட்டில் எழுதட்டும், உங்களிடம் சொல்லக்கூடாது. நீங்கள் தினமும் படுக்கும் முன் அதே நேரத்தில் மார்க் போடுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை சிகரெட், மது உண்டா, எத்தனை மணி நேரம் தறியில் என்பதையும் எழுதுங்கள்.

புதுக்காது_மதுரை – ஜூன் 15, காலை 8.40

வணக்கம். எனக்கு முந்தாநாள் காலை எழுந்ததும் இடது காது திடீரென்று அடைத்துப் போச்சு, கூடவே பெரிய இரைச்சல். போன் வைத்தால் அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை. அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் விட்டேன். இங்கே சொல்கிற ஜிங்கோ வாங்கலாமா, பி12 வாங்கலாமா?

கவிதா_ஆடியோ – ஜூன் 15, காலை 8.52

இரண்டும் வேண்டாம். வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? நல்ல காதில் என்றால் நரம்பு சம்பந்தமாக இருக்கலாம். அடைத்த காதில் என்றால் அழுக்காக இருக்கலாம். எப்படி இருந்தாலும் இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். திடீர்க் கேளாமைக்கு ஸ்டீராய்டு கொடுப்பது முதல் இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டியது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எண்ணெய் விடாதீர்கள்.

புதுக்காது_மதுரை – ஜூன் 15, காலை 9.05

வலது பக்கம் கேட்கிறது. அது நல்ல காது. கிளம்பிவிட்டேன்.

தறிக்காரன் – ஜூன் 22, இரவு 10.20

காலி உறை கிடைத்தது. மனைவி இரண்டு டப்பாவையும் பூஜையறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். தினம் காலையில் ஒன்றைக் கையில் தருகிறாள். காசை மகன்தான் சுண்டினானாம், அவனும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். முந்தாநாள் முதல் சுற்று ஆரம்பித்தது.

மதுரைத் தம்பி என்ன ஆனார்?

புதுக்காது_மதுரை – ஜூன் 29, மாலை 6.30

ஸ்டீராய்டு மாத்திரை, அப்புறம் காதுக்குள் ஊசி. பாதி திரும்பியிருக்கிறது. இரைச்சல் இருக்கிறது. இன்னொரு வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்திருப்பேன். நன்றி மேடம்.

தறிக்காரன் – ஜூலை 14, இரவு 11.00

மாத்திரைச் சுற்று நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றி இப்போது எழுதினால் கெட்டுவிடும். வேறு ஒன்று நோட்டில் தெரிகிறது.

சனிக்கிழமை ராத்திரி மது குடித்துவிட்டுப் படுக்கும்போது போட்ட மார்க் குறைவு, மூன்று அல்லது நாலு. ஞாயிறு ராத்திரி மார்க் ஆறு, ஒருமுறை ஏழு. குடித்த இரவுகளில் படுத்ததும் தூங்கி, மூன்று மணிக்கு விழித்து, அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாட்கள் எல்லாவற்றிலும் மார்க் ஆறு அல்லது அதற்கு மேல். இத்தனை நாளும் "ஒரு பெக் போட்டால் காது அடங்கும்" என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைய மார்க்கை மட்டும் பார்த்திருக்கிறேன். மறுநாள் மார்க்கை ஞாயிற்றுக்கிழமைக்கே உரியது என்று நினைத்திருக்கிறேன்.

மூலிகைநேசன் – ஜூலை 15, காலை 10.10

அளவாகக் குடிப்பவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று பெரிய ஆய்வு வந்ததே?

கவிதா_ஆடியோ – ஜூலை 15, இரவு 9.30

வந்தது, பிரிட்டனில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பார்த்த கணக்கு. குடிக்காதவர்களைவிடக் குடிப்பவர்களுக்குக் கேட்கும் திறன் சற்று நன்றாக இருந்தது. ஆனால் குடிக்காதவர் கூட்டத்தில் உடம்பு கெட்டதால் நிறுத்தியவர்களும் இருப்பார்கள். அளவாகக் குடிப்பவர்கள் பல விஷயங்களில் வசதியானவர்களாகவும் இருப்பார்கள். யாரையும் குடிக்க வைத்துப் பார்த்த சோதனை இல்லை அது. தறிக்காரனின் நோட்டில் இருப்பது தூக்கம் கெட்டதன் கணக்கு, அதை நான் கிளினிக்கில் வாராவாரம் கேட்கிறேன்.

சிகரெட்டில் படம் இன்னும் தெளிவு. ஜப்பானில் ஏறக்குறைய 50,000 பணியாளர்களை எட்டு வருடம் வரை தொடர்ந்து பார்த்து 2018இல் எழுதினார்கள். புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால், புகைப்பவர்களுக்கு உயர் அலைவரிசையில் கேட்கும் திறன் குறையும் ஆபத்து 1.6 மடங்கு. தாழ் அலைவரிசையில் 1.2 மடங்கு. எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடியது. நிறுத்தியவர்களுக்கு ஐந்து வருடத்துக்குள் அந்தக் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய மறைந்தது. இதுவும் சோதனை இல்லை, கவனித்துப் பார்த்ததுதான். ஆனால் அளவுக்கு ஏற்ற ஏற்றமும் விட்டபின் இறக்கமும் சேர்ந்து இருப்பதால் நான் நம்புகிறேன். இது கேட்கும் திறனைப் பற்றியது. விட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன்.

தறிக்காரன் – ஆகஸ்ட் 16, இரவு 10.40

எட்டு வாரம் முடிந்தது. மனைவி நோட்டைத் திறந்தாள்.

மாத்திரைச் சுற்று முதலாவதும் நாலாவதும். சராசரி 5.2, 4.9. அரிசி மாவுச் சுற்று இரண்டாவதும் மூன்றாவதும். சராசரி 5.3, 4.8. திறப்பதற்கு முன் நான் ஊகித்து எழுதியதில் இரண்டு சரி, இரண்டு தவறு. மூன்றாவது சுற்றில் "நிச்சயம் மாத்திரை" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். அது அரிசி மாவு.

நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். காசு போனது ஒரு பக்கம். என்னைப் பார்த்து எங்கள் ஊரில் மூன்று தறிக்காரர்கள் அதே புட்டியை வாங்கியிருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

மூலிகைநேசன் – ஆகஸ்ட் 17, காலை 9.20

நேர்மையாக எழுதியதற்குப் பாராட்டு. ஆனால் ஒன்று. ஜிங்கோ வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பார்கள். இரண்டு வாரச் சுற்றில் தெரியுமா? முதல் சுற்றின் பலன் இரண்டாவதில் வழிந்திருக்கலாம். அதற்கு முன்னால் நாலு மாதம் சாப்பிட்டதும் உடம்பில் இருந்திருக்கும்.

கவிதா_ஆடியோ – ஆகஸ்ட் 17, இரவு 8.45

இந்த எதிர்வாதம் சரி. மெதுவாக வந்து மெதுவாகப் போகிற பலனை வீட்டுச் சோதனை பிடிக்காது. நான்தான் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையின் வாசனை உறை வழியாக வந்து காட்டிக்கொடுக்கவும் வாய்ப்பு உண்டு. 12 வாரம் ஓடிய பர்மிங்காம் ஆய்வை அதனால்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தறிக்காரனின் நோட்டு ஒன்றை மட்டும் காட்டுகிறது: நாளுக்கு நாள் உணர்ந்த "இன்றைக்குக் குறைந்திருக்கிறது, மாத்திரைதான்" என்ற உணர்வு மாத்திரையைச் சார்ந்து வரவில்லை.

தறிக்காரன், ஜூன் மாதமே கேட்டுவிட்டுத் தொடராமல் விட்ட ஒன்று. சைவம், ஆறு வருட மெட்ஃபார்மின். ரத்தத்தில் பி12 பாருங்கள். கால் மரத்துப்போவது உண்டா?

தறிக்காரன் – ஆகஸ்ட் 22, இரவு 9.50

பாதம் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வருடமாக உண்டு. சர்க்கரையால் என்று விட்டுவிட்டேன். பி12 148. கீழ்வரம்பு 200 என்று தாளில் போட்டிருக்கிறது.

அப்படியென்றால் என் மாத்திரையிலும் பி12 இருந்ததே?

கவிதா_ஆடியோ – ஆகஸ்ட் 23, காலை 7.00

எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றிரண்டு மைக்ரோகிராம் இருக்கும். அது நன்றாக இருப்பவர்களின் அன்றாடத் தேவையை ஒட்டிய அளவு. மெட்ஃபார்மின் குடலில் அது உறிஞ்சப்படுவதையே குறைக்கிறது. காலியான தொட்டியை ஒரு சொட்டில் நிரப்ப முடியாது. சர்க்கரை டாக்டரிடம் தாளைக் காட்டுங்கள், ஊசியா மாத்திரையா என்று அவர் முடிவு செய்யட்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரைச்சலுக்கும் பி12க்கும் சம்பந்தம் உண்டா என்றால், நம் நாட்டிலேயே 2016இல் வந்த ஒரு சிறிய ஆய்வு உண்டு. 40 பேர், அதில் 17 பேருக்குப் பி12 குறைவு. பாதிப் பேருக்கு வாரம் ஒரு ஊசி, 2,500 மைக்ரோகிராம், ஆறு வாரம். மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர் ஊசி. ஊசி போட்டவர்களில் பி12 குறைவாக இருந்தவர்களுக்கு மட்டும் இரைச்சல் மார்க் இறங்கியது. ரொம்பச் சிறிய ஆய்வு. இதை வைத்து இரைச்சல் உள்ள எல்லோருக்கும் பி12 ஊசி போடுவது தவறு, அதைத்தான் பல இடங்களில் செய்கிறார்கள். குறைவு இருந்தால் பாத நரம்புக்காகவே போட வேண்டும். காதுக்குக் கிடைப்பது உபரி.

ராஜி – ஆகஸ்ட் 23, மதியம் 12.40

எனக்குத் தலைசுற்றலுக்குக் கொடுக்கிற பீட்டாஹிஸ்டினை என் அண்ணனுக்கு வெறும் இரைச்சலுக்கே கொடுத்திருக்கிறார்கள், ஒரு வருடமாக. அதுவும் இப்படித்தானா?

கவிதா_ஆடியோ – ஆகஸ்ட் 23, இரவு 9.15

வெறும் இரைச்சலுக்கு அது உதவுகிறது என்று 2018 காக்ரேன் தொகுப்பில் தெரியவில்லை. எழுதிக் கொடுத்தவரிடம் "எதற்காக, எத்தனை மாதம், எப்போது நிறுத்திப் பார்ப்பது" என்று கேட்கச் சொல்லுங்கள்.

தறிக்காரன் – செப்டம்பர் 3, இரவு 10.10

திருத்தம். ஜூன் 10ஆம் தேதி சிகரெட் எட்டு, பத்து என்று எழுதினேன். நோட்டில் கூட்டிப் பார்த்தால் தினசரி சராசரி 13. ஞாபகத்திலிருந்து சொன்னது தப்பு.

இன்றோடு சிகரெட் விட்டு ஒன்பதாவது நாள். முதல் நாலு நாள் இரைச்சல் ஏழு. தூக்கமும் இல்லை, எரிச்சல். விட்டதால்தான் கூடுகிறது என்று ஐந்தாம் நாள் ஒன்றைப் பற்றவைக்கப் போனேன். நோட்டில் தூக்கம் நாலு மணி நேரம் என்று இருந்தது. பற்றவைக்கவில்லை. நேற்று ஆறு மணி நேரம் தூக்கம், மார்க் ஐந்து.

மூலிகைநேசன் – செப்டம்பர் 4, காலை 8.00

விடாதீர்கள் தம்பி. நான் 2009இல் விட்டேன், இரண்டாவது வாரம்தான் கொடுமை. கொத்தமல்லி விதையை வறுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். காதுக்காக இல்லை, வாய்க்காக.

தறிக்காரன் – அக்டோபர் 12, இரவு 9.30

சர்க்கரை டாக்டர் எழுதிக் கொடுத்த பி12 ஊசி ஆறும் முடிந்தது. பாதத்தில் குத்தல் நன்றாகக் குறைந்திருக்கிறது, செருப்பு கழன்றால் இப்போது தெரிகிறது. பி12 இப்போது 610.

இரைச்சல் கடந்த இரண்டு வாரச் சராசரி 4.1. ஜூன் மாதத்தில் இந்த மார்க்கைப் பார்த்திருந்தால் "ஊசி வேலை செய்தது" என்று உடனே எழுதியிருப்பேன். இந்த ஆறு வாரத்தில் சிகரெட் இல்லை, சனிக்கிழமை மது இரண்டு முறைதான், தூக்கம் சராசரி ஆறரை மணி நேரம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டேன், எதனால் என்று பிரிக்க எனக்கு வழியில்லை. ஊசியை நிறுத்திப் பார்த்துச் சோதிக்கவும் மாட்டேன், பாதம் முக்கியம்.

இன்னொன்று. தறியில் நிற்கும்போது காதை முழுதாக மூடுகிற கப் வாங்கினேன், 900 ரூபாய். முதல் புட்டியின் விலைகூட இல்லை. இத்தனை வருடம் பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டிருந்தேன், அது சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது என்று மேடம் போனில் சொன்னார். கப் போட்டபிறகு நூல் அறுந்தால் தறி நிற்கிற சத்தம் சட்டென்று தெரிவதில்லை, கண்ணால் பார்த்துப் பழக வேண்டியிருக்கிறது. ஆட்கள் இரண்டு பேர் போடுகிறார்கள், ஒருவர் வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்.

ராஜி – அக்டோபர் 13, காலை 10.20

அண்ணனின் பீட்டாஹிஸ்டினை டாக்டர் நிறுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டார். ஒரு மாதமாகிறது, இரைச்சல் கூடவும் இல்லை குறையவும் இல்லையாம். என் உப்பு விஷயம் மட்டும் நான் விடமாட்டேன், ஆய்வு வரட்டும்.

கவிதா_ஆடியோ – அக்டோபர் 13, இரவு 9.40

விட வேண்டாம் ராஜி.

தறிக்காரன், கப் வியர்க்கிறது என்பவருக்கு அழுத்திச் சுருட்டி உள்ளே வைக்கிற நுரை அடைப்பான் கொடுங்கள். காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு இருந்தால் வைத்தும் பயனில்லை. ஜனவரியில் பி12ஐயும் ஆடியோகிராமையும் மறுபடி எடுங்கள். 4000 ஹெர்ட்ஸ் பள்ளம் அதே ஆழத்தில் இருந்தாலே எனக்குப் போதும்.

தறிக்காரன் – அக்டோபர் 14, காலை 6.15

சரி மேடம். அந்த மூன்று தறிக்காரர்களில் இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் "எனக்கு மாத்திரை வேலை செய்கிறது, நான் சாப்பிடுவேன்" என்கிறார். அவருக்கும் சர்க்கரை, அவரும் சைவம். பி12 பார்க்க நாளைக்கு நானே வண்டியில் கூட்டிப் போகிறேன்.